நேரம் பார்த்துச் செய்யிற கூட்டல் தாள்: பதறுற பிள்ளைக்கு எப்படி அமைக்கிறது?

உவர்மலை_அம்மா
மகள் தரம் 3. ஒரிலக்கக் கூட்டல் தெரியும். வாயால கேட்டால் பெரும்பாலும் சரியாத்தான் சொல்லுவா. ஆனால் ரியூசனில 50 கணக்கு உள்ள தாளைத் தந்து "மூண்டு நிமிசம்" எண்டு சொன்னவுடன கை இறுகிப்போகுது. கடைசித் தாளில 19 செய்திருக்கிறா, அதில 5 பிழை. அழிறப்பரால தேச்சுத் தேச்சுத் தாளில ரெண்டு இடம் ஓட்டை. எல்லாம் 2 இலிருந்து 9 வரை உள்ள எண்களைக் கூட்டுற கணக்குகள்தான்.

வீட்டில செய்ய நானே ஒரு தாள் தயாரிக்கப்போறன். வேகம் கூட வேணும், ஆனால் பிள்ளை நடுங்கக்கூடாது. எத்தனை கணக்குப் போடலாம், எவ்வளவு நேரம் குடுக்கலாம், எந்தக் கணக்கு முதலில வரவேணும்? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

நிலாவெளி_காற்று
அக்கா, மணிக்கூட்டை எடுத்து ஒளிச்சு வையுங்கோ. அவ்வளவுதான் மருந்து. ஸ்டான்போர்டில கணிதக் கல்வி படிப்பிக்கிற ஜோ போலர் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லுறா, நேரம் வைச்ச சோதனைதான் பயத்தைக் கிளப்புது எண்டு. பிள்ளை ஆறுதலாச் செய்யட்டும், வேகம் தானா வரும்.

கரும்பலகை
தம்பி சொன்னதில் பாதி சரி. பயந்த பிள்ளைக்கு முன்னால் மணிக்கூடு இருக்கக்கூடாது என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "தானாக வரும்" என்பது எல்லாப் பிள்ளைக்கும் நடப்பதில்லை. விரல் எண்ணி 8 + 5 செய்யும் பிள்ளை, ஆறுதலாகச் செய்யவிட்டால் இரண்டு வருடத்துக்குப் பிறகும் விரல் எண்ணித்தான் செய்யும். விரல் அவரைக் கைவிடுவதில்லை, விடையும் சரியாக வருகிறது, பிறகு ஏன் மாற்றவேண்டும்? அந்த வழியே பழகி உறுதியாகிவிடும்.

பதற்றம் என்ன செய்கிறது என்று முதலில் பார்ப்போம். கணக்குச் செய்யும்போது இடையில் வரும் எண்ணை மனம் கொஞ்சநேரம் பிடித்து வைத்திருக்கவேண்டும். "நேரம் முடியப்போகுதே" என்ற நினைப்பும் அதே இடத்தைத்தான் பிடிக்கிறது. மார்க் ஆஷ்கிராஃப்டும் எலிசபெத் கிர்க்கும் 2001இல் பெரியவர்களை வைத்துச் செய்த ஆய்வில் இதைக் காட்டினார்கள். கணக்குப் பயம் கூடியவர்கள், பத்தைத் தாண்டிக் கொண்டுபோகும் கூட்டலில்தான் அதிகம் தடுமாறினார்கள். வாயால் சொல்லும் மகள் தாளில் தடுமாறுவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். வேறு காரணமும் இருக்கலாம், அதை அளந்துதான் பார்க்கவேண்டும்.

அம்மா, தாள் தயாரிக்க முதல் இரண்டு வேலை செய்யுங்கள்.

ஒன்று, எழுத்து வேகம். ஒரு தாளில் 40 இலக்கங்களைக் கலந்து எழுதி, ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு பெட்டி போட்டு, "மேலே உள்ளதைப் பார்த்துக் கீழே எழுது" என்று மட்டும் சொல்லுங்கள். கணக்கே இல்லை. எத்தனை செக்கன் எடுக்கிறது என்று உங்கள் போனில் பாருங்கள். போன் உங்கள் மடியில் இருக்கட்டும், சத்தத்தை நிறுத்திவையுங்கள்.

இரண்டாவது, எந்தக் கணக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பது. 2 முதல் 9 வரை கூட்டினால், 3 + 5ஐயும் 5 + 3ஐயும் ஒன்றாக எடுத்தால் மொத்தம் 36தான். அந்த 36ஐயும் சின்ன மட்டைத் துண்டுகளில் எழுதி ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். மனதுக்குள் மெதுவாக மூன்று எண்ணுவதற்குள் விடை வந்தால் ஒரு குவியல். சரியான விடை, ஆனால் பிந்தி வந்தது அல்லது விரல் அசைந்தது என்றால் இரண்டாவது குவியல். பிழை என்றால் மூன்றாவது. பிள்ளையின் கண்முன்னால் குவியலாகப் பிரிக்கவேண்டாம். எல்லா மட்டையையும் ஒரே பெட்டிக்குள் போட்டுவிட்டு, உங்கள் கொப்பியில் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரேநாளில் முடிக்கவும் வேண்டாம், 12 படி மூன்று நாள் போதும்.

கிண்ணியா_வாப்பா
நம்ம மகனுக்கும் இதே பிரச்சினைதான். ஸ்கொலர்ஷிப்புக்கு படிக்கிறார், 7ஆம் வாய்ப்பாடும் 8ஆம் வாய்ப்பாடும் நிக்குதில்ல. மஃரிபுக்குப் பொறகு 12 தரம் சொல்ல வைக்கிறன், அடுத்த நாள் கேட்டா 7 × 8க்கு 54 எங்கிறார். அந்தத் தாளில பெருக்கலையும் சேத்துப் போட ஏலுமா?

கரும்பலகை
சேர்க்கவேண்டாம், நானா. கூட்டலையும் பெருக்கலையும் ஒரே தாளில் கலந்தால், குறியைப் பார்த்து மாறுவதே ஒரு தனி வேலையாகிவிடும். உங்கள் மகனுடைய பிரச்சினையும் வேறு. வாய்ப்பாட்டை வரிசையாகச் சொல்லும் பிள்ளைக்கு 7 × 8 தனியாக வந்து நின்றால் விடை தெரியாது, முதலிலிருந்து ஏறி வரவேண்டும். வரிசையாகச் சொல்ல வைப்பதை நிறுத்தி, மட்டையில் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். மட்டையைப் பிரிப்பது மட்டும் இரண்டுக்கும் பொது. இந்த இழையில் கூட்டலோடு நிற்போம்.

மட்டிக்களி_பெற்றோர்
எல்லாரும் நேரத்தை மறைக்கச் சொல்லுறீங்கள். பரீட்சையில ஆர் மறைக்கப்போகினம்? சின்ன வயசில பழக்காட்டி, தரம் 5இல மண்டபத்தில மணி அடிக்கேக்க என்ன செய்வா? மணல் கடிகாரம் வாங்கி வையுங்கோ. சத்தமில்லை, வடிவாவும் இருக்கும், பிள்ளைக்குப் பயமும் வராது.

கரும்பலகை
மணல் கடிகாரம் சத்தம் போடாது, உண்மை. ஆனால் மணல் குறைந்துகொண்டே போகிறது. எதைப் பார்த்துப் பிள்ளை பதறுகிறதோ அதே காட்சிதான், நேரம் தீர்ந்துபோவது. பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டு கணக்குக்கு ஒருமுறை கண் மணலுக்குப் போகும். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து எந்தப் பெட்டியில் விட்டேன் என்று தேடவேண்டும்.

பரீட்சைப் பழக்கம் என்பது நியாயமான கவலைதான். அது வேறு பயிற்சி, இது வேறு பயிற்சி. 8 + 5 என்றதும் 13 வாயில் நிற்கும் பிள்ளைக்கு, மணி அடித்தாலும் பறிபோக ஒன்றும் இல்லை. அந்த நிலைக்கு வந்தபிறகு மணிக்கூட்டைக் காட்டலாம்.

உவர்மலை_அம்மா
கரும்பலகை ரீச்சர் சொன்னமாதிரிச் செய்து பார்த்தன். 40 இலக்கம் எழுத 67 செக்கன் எடுத்தா. அவசரமில்லாமல் வடிவாத்தான் எழுதினா.

மட்டைகளில உடனே சொன்னது 21: ரெண்டைக் கூட்டுற எல்லாம், 3 + 3 இலிருந்து 9 + 9 வரைக்கும் இரட்டை எல்லாம், 3 + 7, 4 + 6, பிறகு 3 + 4, 3 + 5, 3 + 6, 4 + 5. பிந்திச் சொன்னது 12. பிழை விட்டது 3: 6 + 8, 7 + 8, 7 + 9. ஒவ்வொண்டும் விடையிலிருந்து ஒண்டு குறைவாச் சொன்னா.

ரியூசன் தாளையும் எடுத்துப் பார்த்தன். 50இல 31 கணக்குக்கு விடை ரெண்டு இலக்கம்.

கரும்பலகை
நன்றாக அளந்திருக்கிறீர்கள். இப்போது ரியூசன் தாளைப் பாருங்கள். 31 கணக்குக்கு இரண்டு இலக்கம், 19 கணக்குக்கு ஒரு இலக்கம், ஆக 81 இலக்கம் எழுதவேண்டும். 40 இலக்கத்துக்கு 67 செக்கன் என்றால் 81க்கு 2 நிமிடம் 16 செக்கன். விடையைப் பார்த்து எழுதினால்கூட அவ்வளவு நேரம் போகும். 3 நிமிடத்தில் மிச்சம் 44 செக்கன். அதற்குள் 50 கணக்கையும் வாசித்து யோசிக்கவேண்டும். ஒரு கணக்குக்கு ஒரு செக்கன்கூட இல்லை. எல்லாக் கணக்கும் தலைகீழாகத் தெரிந்த பிள்ளையே உங்கள் மகளின் எழுத்து வேகத்தில் இந்தத் தாளை முடிக்கமாட்டார். எழுதும் வேகத்தை அளக்காமல் நேரம் வைத்தால் நடப்பது இதுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மட்டைகளில் மிஞ்சிய 15 கணக்கும் பத்தைத் தாண்டுபவை, ஒன்றுகூடத் தப்பவில்லை. தாண்டுபவற்றில் அவருக்கு இரட்டைகளும் 2 + 9உம் மட்டும்தான் வந்திருக்கின்றன. அப்படியென்றால் உங்கள் மகளுக்குக் கூட்டல் முழுவதும் பலவீனம் இல்லை, பத்தைத் தாண்டும் ஒரு வழி மட்டும்தான் கைவரவில்லை. விடை ஒன்று குறைவாக வருவதும் அதையே சொல்கிறது. 7 + 8 செய்யும்போது "எட்டு" என்று சொல்லி முதல் விரலை மடித்தால் விடை 14 ஆகிவிடும். எட்டை மனதில் வைத்து "ஒன்பது" என்று முதல் விரலை மடிக்கவேண்டும்.

அந்த 15ஐ இப்போது நேரத் தாளில் போடக்கூடாது. பிந்தி வரும் கணக்கை நேரம் வைத்துச் செய்வித்தால், விரலை மேசைக்குக் கீழே வேகமாக எண்ணத்தான் பிள்ளை பழகும். முதலில் நேரமில்லாமல், பொருளை வைத்துச் சொல்லிக்கொடுங்கள்.

முட்டை மட்டை இருக்கிறதல்லவா, 30 குழி உள்ளது. அதில் ஐந்து குழி உள்ள இரண்டு வரிசையைச் சேர்த்து வெட்டினால் பத்துக் குழி. அப்படி இரண்டு துண்டு. உப்புவெளிக் கடற்கரையில் பொறுக்கிய சிப்பியோ புளியங்கொட்டையோ போதும். முதல் துண்டில் 9, இரண்டாவதில் 3 வையுங்கள். "முதலாவது நிரம்ப எத்தனை வேணும்?" ஒன்று. அதை 3 இலிருந்து பிள்ளையே எடுத்து வைக்கட்டும். இப்போது பத்தும் இரண்டும், பன்னிரண்டு. இதில் தமிழ் எண் பெயர் உங்களுக்குப் பெரிய துணை. பதினாறு என்றால் பத்தும் ஆறும் என்று பெயரிலேயே இருக்கிறது. "9 + 7, பத்தும் ஆறும், பதினாறு" என்று வாயால் சொல்லிச் செய்யட்டும்.

ஒழுங்கு இப்படி: முதலில் 9ஐக் கூட்டும் ஆறு கணக்கு (3, 4, 5, 6, 7, 8 உடன்). பிறகு 8ஐக் கூட்டும் ஐந்து (3 முதல் 7 வரை). மிஞ்சுவது நாலே நாலு. அதில் 5 + 6, 6 + 7 இரண்டையும் இரட்டையிலிருந்து ஒன்று கூட்டிப் பிடிக்கலாம், இரட்டைதான் அவருக்கு வருமே. கடைசியில் 4 + 7, 5 + 7. ஒரு தடவையில் இரண்டு கணக்குக்கு மேல் எடுக்கவேண்டாம். சிப்பி இல்லாமல், விரல் இல்லாமல், மூன்று நாள் தொடர்ந்து சரியாகச் சொன்ன பிறகுதான் அந்த இரண்டும் நேரத் தாளுக்குள் வரலாம்.

எக்செல்_தம்பி
தாள் தயாரிக்கிறது லேசு அக்கா. எக்செலில ஒரு பெட்டியில இதைப் போட்டு இழுத்து விடுங்கோ, நாளுக்கு ஒரு புதுத் தாள் வரும்:

```
=RANDBETWEEN(2,9)&" + "&RANDBETWEEN(2,9)&" ="
```

கரும்பலகை
தம்பி, இப்படிக் குருட்டுவாக்கில் எடுத்தால் முதல் பெட்டியிலேயே 7 + 8 வந்து நிற்கலாம். இந்தப் பிள்ளைக்கு வராத 15ஐயும் மாற்றி எழுதினால் 30 ஆகும். 64 சோடியில் 30 என்றால் கிட்டத்தட்டப் பாதித் தாள் தெரியாத கணக்காகவே வரும். எக்செலைக் கலக்க மட்டும் பாவிக்கலாம்: A நிரலில் நீங்கள் தெரிந்தெடுத்த கணக்குகள், B நிரலில் `=RAND()`, பிறகு B நிரலை வைத்து வரிசைப்படுத்துங்கள். அதுவும் முதல் வரியை விட்டுவிட்டு மிச்சத்தைத்தான் கலக்கவேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

தாளில் 20 கணக்கு, ஐந்து ஐந்தாக நான்கு வரி. 16 உடனே வரும் கணக்கு. மிச்சம் 4 பெட்டிதான் புதிது: இரண்டு கணக்கு, ஒவ்வொன்றும் முன்னும் பின்னுமாக இரண்டு தரம். மகளுக்கு முதல் தாள் இப்படி இருக்கலாம்:

```
2 + 3    5 + 5    4 + 2    3 + 3    2 + 6
4 + 4    9 + 3    2 + 7    6 + 4    5 + 2
3 + 9    8 + 2    6 + 6    3 + 4    9 + 4
7 + 7    2 + 2    4 + 9    5 + 3    3 + 7
```

முதல் வரியில் ஒரு புதுக் கணக்கும் இல்லை. பதறும் பிள்ளையின் கை முதல் ஐந்து பெட்டியில்தான் இறுகும். அங்கே தடங்கல் இல்லாமல் ஓடினால் மூச்சு ஒழுங்காகிவிடும். புதியவை ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டும் இல்லை, கடைசிப் பெட்டியிலும் இல்லை. கடைசியில் இடறினால் தாள் முழுவதும் இடறியதாகவே பிள்ளைக்குத் தோன்றும்.

ஏ4 தாளை இரண்டாக மடித்த அளவில் ஒரு பக்கம் மட்டும். எழுத்தின் அளவு 18 புள்ளி, விடைக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாத பெட்டி. கொமினிகேசனில் ஒரு ஏ4இல் இரண்டு தாள் போட்டோக்கொப்பி எடுத்து வெட்டினால் காசும் பாதி. தாளின் மேல் "நேரம்", "புள்ளி", "/20" எதுவும் அச்சிடவேண்டாம், பெயரும் திகதியும் போதும்.

செய்விக்கும் முறையில் ஒரே ஒரு விடயம்தான் முக்கியம். நேரம் முடிந்தது என்று தாளைப் பறிக்கக்கூடாது. பிள்ளை முடித்ததும் நேரம் முடிகிறது. போனில் முன்னோக்கி ஓடும் நிறுத்தற்கடிகாரத்தை வையுங்கள், திரை கீழே பார்த்தபடி உங்கள் மடியில். "தொடங்கு" என்று நீங்கள் சொல்லவேண்டாம், அவர் முதல் இலக்கத்தை எழுதும்போது அமத்துங்கள். கடைசி இலக்கம் எழுதியதும் நிறுத்துங்கள். அழிறப்பர் மேசையில் இருக்கக்கூடாது. பிழை என்று கண்டால் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் எழுதட்டும். அழிறப்பர் நேரத்தை விழுங்குவது ஒரு பக்கம். பயந்த பிள்ளை சரியான விடையையும் சந்தேகப்பட்டு அழிக்கும், அதுதான் பெரிய சேதம்.

இந்தத் தாளில் எழுதவேண்டியது 30 இலக்கம். மகளின் கைக்கு அதற்கு மட்டும் 50 செக்கன் வேண்டும். ஒரு கணக்குக்கு ஒன்றரைச் செக்கன் யோசிக்க என்றால் 20க்கும் 30 செக்கன். ஆக, 1 நிமிடம் 20 செக்கனுக்கு வந்தால் இந்தத் தாள் முடிந்தது, அடுத்த இரண்டு கணக்கைச் சேர்க்கலாம். அதற்கும் கீழே துரத்தவேண்டாம். அதற்குப் பிறகு கூடுவது எழுத்து வேகம், எழுத்துத்தான் கிறுக்கலாகும்.

ஒரு நாளைக்கு ஒரே தாள், ஒரே தரம், கிழமையில் நாலு நாள். "இன்னொருக்காச் செய்து பார், குறையும்" என்று கேட்கவே வேண்டாம்.

சாம்பல்தீவு_சேர்
வகுப்பறைக்கு இதை எப்படிக் கொண்டுபோவது? எனக்கு 34 பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் மடியில் போன் வைக்க முடியாது. கரும்பலகையில் 10 செக்கனுக்கு ஒரு எண்ணை எழுதிக்கொண்டு போனால், முடித்த பிள்ளை அந்த எண்ணைப் பார்த்துத் தன் தாளில் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

கரும்பலகை
சேர், அந்த வழி பலருக்குச் சரிவரும். ஆனால் பதறும் இரண்டு மூன்று பிள்ளைகள் நீங்கள் எண்ணை மாற்றும் ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து பார்ப்பார்கள். பலகையை வகுப்புக்குப் பின்பக்கம் வைத்தால் கொஞ்சம் குறையும், முடித்தவர் மட்டும் திரும்பிப் பார்ப்பார். வகுப்பில் மணிக்கூட்டைவிடப் பெரிய அழுத்தம், பக்கத்துப் பிள்ளை பென்சிலைக் கீழே வைக்கும் சத்தம். அதற்குத் தாளின் மறுபக்கத்தில் ஒரு படம் போட்டு விடுங்கள், நிறம் தீட்டவோ புள்ளி இணைக்கவோ. திருகோணமலைக் கோட்டைப் பக்கம் நிற்கும் புள்ளிமான் ஒன்று போதும். முடித்தவர் தாளைத் திருப்பி அதைச் செய்வார். எல்லாத் தலையும் குனிந்தே இருக்கும், யார் முடித்தார், யார் முடிக்கவில்லை என்று தெரியாது.

சாம்பல்தீவு_சேர்
படத்துக்கு ஆசைப்பட்டு ஓடி ஓடிச் செய்வார்களே? என் வகுப்பில் நாலு பேர் நிச்சயம் அப்படிச் செய்வார்கள்.

கரும்பலகை
செய்வார்கள். ஒரே வரியில் இரண்டு பிழைக்கு மேல் இருந்தால் அதுதான் அடையாளம். படத்தை ஆர்வமில்லாத ஒன்றாக மாற்றிப் பார்க்கலாம். இதற்கு முழுத் தீர்வு என்னிடம் இல்லை சேர்.

நிலாவெளி_காற்று
ரீச்சர், ஒரு கேள்வி. எடுத்த நேரத்தைப் பிள்ளைக்குச் சொல்லுறதா இல்லையா? சொன்னால் அதுவும் அழுத்தம்தானே?

மட்டிக்களி_பெற்றோர்
சொல்லாட்டில் பிள்ளைக்கு முன்னேற்றம் எப்படித் தெரியும்? நேற்று 1.50, இண்டைக்கு 1.40 எண்டு கண்டால் சந்தோசப்படும்.

கரும்பலகை
இதில் ஆசிரியர்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. குறையும்போது சொன்னால் சந்தோசம்தான். கூடும் நாளில் என்ன செய்வது? சொல்லாமல் விட்டால் "இண்டைக்கு ஏன் சொல்லேல்லை" என்று அவரே கண்டுபிடித்துவிடுவார். ஆகவே என் பழக்கம், முதல் ஒரு கிழமை ஒன்றும் சொல்வதில்லை. பிறகு பிள்ளை கேட்டால் மட்டும், அந்தக் கிழமையின் முதல் தாளையும் கடைசித் தாளையும் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன். ஒவ்வொரு நாளும் காட்டினால் பலன் கூடுமா என்றால், சில பிள்ளைகளுக்குக் கூடும். பயந்த பிள்ளைக்கு நான் அதைச் செய்யமாட்டேன்.

உவர்மலை_அம்மா
முட்டை மட்டையில 3 + 9உம் 4 + 9உம் பிடிபட அஞ்சு நாள் எடுத்தது. பிறகு தாள் தொடங்கினன். ஆறு தரம் செய்தாச்சு:

1 நிமிடம் 58, பிழை இல்லை.
1.49, பிழை இல்லை.
1.43, பிழை இல்லை.
1.36, பிழை இல்லை.
அஞ்சாவது நாள் வரிகளைக் கலந்த தாள் குடுத்தன், 1.52, பிழை இல்லை.
ஆறாவது 2.07, பிழை ரெண்டு. 4 + 9க்கு 12 எண்டும், 6 + 4க்கு 9 எண்டும் எழுதியிருந்தா.

நல்லாக் குறைஞ்சு வந்தது ஏன் திரும்பக் கூடினது? புதுக் கணக்கை எடுத்துவிடவா?

கரும்பலகை
இரண்டு கூடுதலுக்கும் ஒரே காரணம் இருக்காது, பிரித்துப் பார்ப்போம்.

ஐந்தாம் நாள் 16 செக்கன் கூடியது, பிழை இல்லை. அவர் முதல் நாலு நாளில் விடைகளின் வரிசையையும் கொஞ்சம் மனப்பாடமாக்கிவிட்டார். ஒரே தாளைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் இது நடக்கும். கலந்த தாள் காட்டியதுதான் உண்மையான நேரம். 1.52இல் எழுத்துக்கு 50 செக்கன் போனால், யோசிக்க 62 செக்கன், ஒரு கணக்குக்கு 3.1 செக்கன். முதல் நாள் 3.4 ஆக இருந்தது. ஆகவே முன்னேற்றம் உண்டு, 1.36 காட்டிய அளவுக்கு இல்லை. இனி முதலிலேயே மூன்று ஒழுங்கில் தாள் எடுத்து மாறி மாறிக் கொடுங்கள். இதை நான் அன்றைக்கே சொல்லியிருக்கவேண்டும்.

ஆறாம் நாள் வேறு. நேரமும் கூடி, உறுதியாகத் தெரிந்த 6 + 4உம் பிழைத்திருக்கிறது. தெரிந்த கணக்கு பிழைத்தால் அது தாளின் குற்றம் இல்லை, அன்றைக்கு வெளியில் என்னவோ நடந்திருக்கிறது. எத்தனை மணிக்குச் செய்தார்? பக்கத்தில் யார் இருந்தார்கள்?

உவர்மலை_அம்மா
ரீச்சர், சரியாப் பிடிச்சிட்டீங்கள். மற்ற நாளெல்லாம் பின்னேரம் குளிச்சுச் சாப்பிட்ட பிறகு. அண்டைக்குப் பின்னேரம் கோயிலுக்குப் போகவேண்டி இருந்ததால பள்ளிக்கூடத்தால வந்த உடனே, ரெண்டு மணி வெயிலுக்க செய்வித்தன். அண்ணன்காரன் பக்கத்தில இருந்து விடையைச் சொல்லிக்கொண்டிருந்தவன். நான் நிறுத்தச் சொன்னன், ஆனால் அவ அதுக்குள்ள மூண்டு தரம் என்ர முகத்தைப் பார்த்திட்டா.

கரும்பலகை
அப்படியென்றால் அந்தத் தாளைக் கணக்கில் எடுக்கவேண்டாம். புதுக் கணக்கை எடுக்கவும் வேண்டாம். அடுத்த தாள் வழமையான நேரத்தில், அண்ணா வேறு அறையில். இரண்டு தாள் தொடர்ந்து நேரம் கூடினாலோ, ஒரு பிழைக்கு மேல் வந்தாலோ மட்டும் 4 + 9ஐ வெளியே எடுத்துச் சிப்பிக்குக் கொண்டுபோங்கள். அந்த இரண்டு பெட்டிக்கும் தெரிந்த இரண்டு கணக்கைப் போடுங்கள், தாள் 20ஆகவே இருக்கட்டும்.

முகத்தைப் பார்ப்பதை நேரத்தோடு சேர்த்துக் குறியுங்கள். ஒரு தாளில் எத்தனை தரம் நிமிர்ந்து பார்த்தார் என்று. நேரம் குறைந்துகொண்டே போய், நிமிர்ந்து பார்ப்பது கூடிக்கொண்டே போனால், தாள் தப்பான திசையில் போகிறது. அப்போது இரண்டு கிழமைக்கு நேரம் பார்ப்பதையே விடுங்கள்.

கிண்ணியா_வாப்பா
ரீச்சர், நீங்க சொன்ன மாதிரி வாய்ப்பாட்டைத் தனித்தனி மட்டையில கேட்டன். 6ஆம், 7ஆம், 8ஆம் வாய்ப்பாட்டில வராதது ஏழே ஏழுதான். நான் இவ்வளவு நாளும் முழுக்கச் சொல்ல வைச்சிருக்கன். பெருக்கலுக்குத் தனி இழை போடுறன், அங்க வாங்க.

உவர்மலை_அம்மா
இண்டைக்குப் பின்னேரம் மூண்டாவது ஒழுங்கு. 1.41, பிழை இல்லை. ரெண்டு தரம் நிமிர்ந்து பார்த்தா, ரெண்டும் 9 வந்த பெட்டியில. 3 + 9இல வாய்க்குள்ள "பத்தும் ரெண்டும்" எண்டு சொன்னது கேட்டது. வாயால சொல்லுறதை நிறுத்தச் சொல்லவா, விடவா?

கரும்பலகை
விடுங்கள். அவருக்கு இப்போது விரலுக்குப் பதில் அதுதான் பிடி. நாள் போகப்போக "பத்தும்" என்பது போய் "பன்னிரண்டு" மட்டும் மிஞ்சும், பிறகு வாயும் அசையாது. அது நடக்கும் முன் 5 + 9ஐத் தாளில் சேர்க்கவேண்டாம். சிப்பியில் மட்டும் தொடங்குங்கள்.

மட்டிக்களி_பெற்றோர்
நான் இன்னும் மணிக்கூட்டை மறைக்கிறதில முழுசா ஒத்துக்கொள்ளேல்லை. ஆனால் அந்த எழுத்துக் கணக்கை என்ர மகனுக்குச் செய்து பார்த்தன். 40 இலக்கத்துக்கு 81 செக்கன். அவருக்குக் குடுக்கிற தாளில 60 கணக்கு, 4 நிமிசம். இண்டைக்குத்தான் அந்தத் தாளில எத்தனை இலக்கம் எண்டு எண்ணப்போறன்.